ஆய்வுக் கட்டுரையில் ‘-லாம்’ எங்கே வர வேண்டும்?

அறுபது மாணவர்களிடம் ஒரே ஒருமுறை கேட்டறிந்த ஆய்வை வைத்துக்கொண்டு, “இரவில் கைப்பேசி பார்ப்பது தூக்கத்தைக் குறைக்கிறது” என்று எழுதினால், அது தரவு சொல்லாத காரணத்தைச் சொல்லிவிடுகிறது. தூக்கம் வராததால்கூட அவர்கள் கைப்பேசியை எடுத்திருக்கக்கூடும்.

இதைத் திருத்தும்போது பலர் ‘-லாம்’ போன்ற ஐயச் சொற்களைச் சேர்த்து வாக்கியம் முழுவதையும் தளர்த்திவிடுகிறார்கள், அது எனக்கு ஏற்புடையதன்று. கண்டதை உறுதியாகவும், ஊகித்ததை மட்டும் தளர்வாகவும் எழுத வேண்டும்: “கைப்பேசியை அதிகம் பார்த்தவர்கள் குறைவாகத் தூங்கியதாகத் தெரிவித்தனர், கைப்பேசிப் பயன்பாடு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.” முதற்பகுதி நீங்கள் பதிவுசெய்த விடை என்பதால் அங்கே ‘-லாம்’ தேவையில்லை.

‘போக்கு காணப்படுகிறது’ என்பதன் வேலை வேறு. பெரும்பாலோரிடம் ஒரு பாங்கு தெரிந்து, சிலர் அதிலிருந்து விலகி நிற்கும்போது அதைச் சொல்ல அத்தொடர் உதவும். காரணத்தைப் பற்றிய ஐயத்தை அது சுட்டாது. ஆகவே அத்தொடரையும் ‘-லாம்’ என்பதையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்க இயலாது.

“ஒருவேளை காரணமாக இருக்கக்கூடும் எனத் தோன்றலாம்” என்பதில் ஐயம் நான்கு முறை வருகிறது. கூற்றில் எஞ்சுவது ஏதுமில்லை என்பதால், ஓர் ஊகத்துக்கு ஒரு தளர்ச்சொல்லை மட்டும் வைத்துவிட்டு, ஐயத்தின் காரணத்தை அடுத்த வாக்கியத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்: “ஒரே நேரத்தில் திரட்டிய தரவு என்பதால், எது முதலில் நிகழ்ந்தது என்பதை இவ்வாய்வு காட்டவில்லை.”