சாராயத்தையும் இரும்பையும் கரி ஏன் பிடிப்பதில்லை?

விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கறுப்பாக ஒரு கரைசலைக் குடிக்கக் கொடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது ஆக்டிவேட்டட் சார்க்கோல், அதாவது செயலூட்டப்பட்ட கரி. அதைப் பார்த்தவர்கள் மனதில் "வயிற்றுக்குள் போனது எதுவானாலும் கரி உறிஞ்சிவிடும்" என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. இதைப் பற்றிய தவறுகளில் ஆபத்தானது இதுதான். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தேங்காய்ச் சிரட்டையையோ மரத்தையோ காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு கடும் வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. அந்தத் துளைச் சுவர்களின் பரப்பை எல்லாம் கூட்டினால் ஒரு கிராம் கரிக்கே சுமார் 1000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட கால் ஏக்கர் வரும். விஷ மூலக்கூறுகள் இந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்தது இதைத்தான். அடுப்புக்கரிக்கும் கருகிய ரொட்டிக்கும் இந்தத் துளைகள் போதிய அளவில் கிடையாது. அவற்றைக் கரைத்துக் கொடுப்பது வீண் வேலை. நேரமும் போகும்.

ஒட்டுவதற்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, ஒட்ட வருகிற பொருளும் ஒத்துழைக்க வேண்டும். கரியின் சுவர் கார்பன் வளையங்கள் பரவிய தட்டையான தளம். அதில் மின்சுமை ஏறக்குறைய இல்லை. ஓரளவு பெரிய, மின்சுமை இல்லாத, தண்ணீரோடு அதிகம் சேராத மூலக்கூறுகள் அதன்மேல் படுத்து ஒட்டிக்கொள்ளும். பாராசிட்டமாலில் ஒரு பென்சீன் வளையம் இருப்பதால் அது நன்றாகப் பிடிபடும். வலிப்பு மருந்தான கார்பமாசெபைன், தூக்க மருந்தான ஃபீனோபார்பிட்டால், மஞ்சள் அரளி விதையின் நஞ்சு ஆகியவையும் அப்படியே.

சாராயத்தில் இருக்கும் எத்தனால் இதற்கு நேர்மாறானது. இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய மூலக்கூறு. ஒரு முனையில் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஓஎச் தொகுதி. தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும் ஒரு பொருள், வயிற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது, அதை விட்டுக் கரிச்சுவருக்குப் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இதற்கு ஆய்வகம் தேடிப் போக வேண்டாம். வோட்காவைக் கரி வழியாகத்தான் வடிகட்டுகிறார்கள். கெட்ட வாடை தரும் பொருள்கள் கரியில் தங்கிவிடுகின்றன. ஆல்கஹால் முழுக்கக் கீழே இறங்கிவிடுகிறது. கரி ஆல்கஹாலைப் பிடிக்குமானால் அந்தத் தொழிலே நடந்திருக்காது.

அளவையும் பாருங்கள். நன்றாக ஒட்டுகிற விஷத்துக்கே ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு கரி என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லி, 42.8 சதவீத மதுவில், சுமார் 61 கிராம் ஆல்கஹால் உண்டு. அது நன்றாக ஒட்டும் பொருளாகவே இருந்தாலும் 600 கிராம் கரி வேண்டும். ஆஸ்பத்திரியில் பெரியவருக்கு வழக்கமாகக் கொடுப்பதே 50 கிராம்தான். குடிப்பதற்கு முன்போ பின்போ போட்டுக்கொள்ளச் சொல்லி விற்கும் கரி மாத்திரையில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. போதையையோ மறுநாள் தலைவலியையோ அது குறைக்காது.

கள்ளச்சாராயத்தில் இந்தத் தவறான நம்பிக்கை உயிரையே வாங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால், எத்தனாலைவிடச் சிறியது. அதையும் கரி தொடாது. முறிமருந்தும் டயாலிசிஸும்தான் வழி. கண் மங்கத் தொடங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரி சேர வேண்டும்.

உலோகங்களின் கதை வேறு. இரும்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் வீடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அலமாரியிலேயே இருக்கிறது. சிவப்பாக, மேலே இனிப்புப் பூச்சோடு இருப்பதால் குழந்தைக்கு அது மிட்டாய். வயிற்றில் கரைந்ததும் இரும்பு மின்சுமை கொண்ட அயனியாகிவிடும். அதைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சுமை இல்லாத கரிச்சுவரால் அந்த உறையைப் பிரித்து அயனியை இழுக்க முடியாது. மனநல சிகிச்சையில் தரும் லித்தியத்தையும் இதே காரணத்தால் கரி பிடிப்பதில்லை. தாலியம் போன்ற விலக்குகள் உண்டு. அதற்கும் முதன்மை மருந்து பிரஷ்யன் புளூதான்.

12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரைகள் பத்தை விழுங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மில்லிகிராம், கிலோவுக்கு 50. கிலோவுக்கு 20-ஐத் தாண்டினாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 50 என்பது கட்டாயம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய அளவு. இந்தக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சில அட்டைகளில் ஃபெரஸ் சல்பேட்டின் மொத்த எடையைப் போட்டிருப்பார்கள், அதற்குள் இருக்கும் இரும்பின் எடை வேறு. அதனால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம். அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எத்தனை மாத்திரை மீதம், குழந்தையின் எடை என்ன, எத்தனை மணிக்கு நடந்தது என்பவை மருத்துவருக்குப் போதும்.

இந்தக் குழந்தைக்கு யாராவது கரி கொடுத்தால் பயன் இல்லை என்பதோடு நிற்காது. இரும்பு குடலை அரித்தால் வாந்தியில் ரத்தம் வரும், மலம் கறுக்கும். கரி எல்லாவற்றையும் கறுப்பாக்கி அந்த அடையாளத்தை மறைத்துவிடும். குழந்தை கரியை வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் போனால் இன்னொரு ஆபத்து. பெற்றோரை ஏமாற்றும் கட்டமும் இதில் உண்டு: முதல் ஆறு மணி நேர வாந்தி நின்று, குழந்தை தெளிந்ததுபோல் இருக்கும். "கரி வேலை செய்துவிட்டது" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரும்பு ரத்தத்தில் சேர்ந்து உறுப்புகளைத் தாக்கிக்கொண்டிருக்கும். அடுத்த நாளுக்குள் ரத்த அழுத்தம் சரியலாம், பிறகு கல்லீரல் கெடலாம்.

மருத்துவர்கள் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள். முழு மாத்திரைகள் அதில் வெள்ளையாகத் தெரியும். மென்று விழுங்கியிருந்தாலோ கரைந்துவிட்டிருந்தாலோ தெரியாமல் போகலாம். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்ப்பார்கள். குடலில் மாத்திரைகள் நிறைய இருந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தொடர்ந்து செலுத்திக் குடலைக் கழுவுவார்கள். நிலைமை கடுமையானால் டெஃபராக்சமைன் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். கரியால் முடியாததை இது செய்கிறது: இரும்பு அயனியைச் சுற்றி வளைத்துப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். சிறுநீர் செம்மஞ்சளாக மாறுவது அதற்கு அடையாளம்.

நன்றாக ஒட்டும் விஷத்திலும் நேரம் கடந்தால் கரிக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பொதுவாக நல்ல பலன். இலங்கையில் 4,600-க்கும் மேற்பட்ட விஷ நோயாளிகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே மணிக்கணக்கில் ஆகியிருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. "குடித்திருக்கிறார், கரி வேலை செய்யாது" என்று ஒதுக்கிவிடுவது. மதுவோடு பாராசிட்டமாலையும் விழுங்கியவருக்கு, மதுவைப் பிடிக்காத அதே கரி பாராசிட்டமாலைப் பிடிக்கும். ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக்குழலைப் பாதுகாக்காமல் எதையும் புகட்டக் கூடாது. ஆகவே இந்த முடிவை வீட்டில் எடுக்க முடியாது. வாந்தியெடுக்க வைக்காமல், எதையும் வாயில் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். என்ன விஷம் என்று ஆலோசிக்க டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது: 1800 116 117.