பிரிவு உபசார விழா அழைப்பு: பணமும் கெடுவும்

அரசு அலுவலகங்களில் ஓய்வு பெரும்பாலும் மாதக் கடைசி நாளில்தான். அதனால் தேதி தானாகவே அமைந்துவிடும். சிக்கல் வருவது பணத்திலும் வருகை எண்ணிக்கையிலும்தான்.

முதலில் சமையல்காரரிடம் இலைக் கணக்கு எப்போது வேண்டும் என்று கேளுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன் என்றால், உங்கள் கெடு நான்கு நாள் முன்பாக இருக்கட்டும். பதில் தராதவர்களைத் தொலைபேசியில் கேட்க நடுவில் ஒரு நாளாவது வேண்டும். "விரைவில் தெரிவிக்கவும்" என்று எழுதினால் யாரும் தெரிவிப்பதில்லை.

கும்பகோணத்தில் நடக்கும் விழாவுக்கு இப்படி எழுதலாம்:

"நம் கண்காணிப்பாளர் ஐயாவின் பணி நிறைவு விழா 31.07.2026, வெள்ளி மாலை 4 மணிக்கு, மகாமகக் குளம் வடகரையில் உள்ள மண்டபத்தில் நடைபெறும். பங்களிப்பு 400 ரூபாய் (விருந்து 250, நினைவுப் பரிசு 150). வர இயலாதவர்கள் விரும்பினால் பரிசுக்கு மட்டும் தரலாம். தங்கள் வருகையை ஜூலை 27, திங்கள் மாலை 5 மணிக்குள் தெரிவித்தால் இலைக் கணக்குச் சொல்ல உதவியாக இருக்கும்."

தொகையை இப்படிப் பிரித்துச் சொன்னால் வராதவருக்கும் சங்கடமில்லை. கடைநிலை ஊழியர்களிடம் வசூலிப்பதில்லை என்றால் அதைச் செய்தியில் எழுதாமல் நேரில் சொல்லிவிடுங்கள். மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இருந்தால் முடியும் நேரத்தையும் குறிப்பிடுங்கள்.

அனுப்பும் முன் ஒன்று பாருங்கள்: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் விழா நாயகரும் இருப்பார். வசூல் விவரம் அங்கே போகக் கூடாது.