ரெப்போ எண்டா நகை அடகுதானே? எல்லாரும் விடுற சில பிழைகள்

போன கிழமை கொக்குவில்ல ஒரு தேத்தண்ணிக் கடையில எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார், "தம்பி, பாங்க்கில ரெப்போவில போடச் சொல்லுறாங்கள், உது நகையை ஈடு வைக்கிற மாதிரித்தானே" எண்டு. நான் முந்தி கொழும்பில ஒரு பாங்க்கின்ர ட்ரெஷரியில கொஞ்சக்காலம் இருந்தனான், அங்க புதுசா வாற பெடியள் சொன்னதும் இதேதான், ஆனபடியா இதிலயிருந்தே தொடங்குறன்.

ஈடு இல்லை. நகையை ஈடு வைச்சா நகை இன்னும் உங்கட நகைதான், கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகேலாது. ரெப்போ எங்கட ஊரில காணியைக் கண்டிஷன் போட்டு எழுதிக் குடுக்கிற மாதிரி, உறுதி மற்றவரின்ர பேருக்கு மாறும், சொன்ன நாளுக்குள்ள சொன்ன காசைக் குடுத்தா திருப்பி எழுதித் தருவினம். அரச பத்திரங்களை வாங்கி விக்கிற ஒரு டீலர் தன்னட்ட இருக்கிற ட்ரெஷரி பில்லை, அதாவது அரசாங்கம் குறுகின காலத்துக்குக் கடன் வாங்கேக்க குடுக்கிற பத்திரத்தை, இண்டைக்கு ஒரு பாங்க்குக்கு வித்து, நாளைக்கு கொஞ்சம் கூடின விலைக்குத் திருப்பி வாங்கிறன் எண்டு இப்பவே எழுதிக் குடுக்கிறார். அந்த ரெண்டு விலைக்கும் இடையில இருக்கிற வித்தியாசம்தான் வட்டி. அவர் நாளைக்கு வராட்டி பாங்க் கோட்டுக்கு அலையத் தேவையில்லை, பில்லை வித்துக் காசை எடுக்கும். அந்த நம்பிக்கையாலதான் ஆளை ஆள் நல்லாத் தெரியாத இடத்திலயும் ஒரே ராவில கோடிக்கணக்கில காசு கைமாறுது. கோல் மனி எண்டுறது வேற, அது பாங்க்கும் பாங்க்கும் பத்திரம் ஒண்டும் வாங்காம வட்டிக்குக் குடுக்கிற கைமாத்து.

அப்ப நீங்கள் காசு போடுற ஆள் எண்டா கேக்க வேண்டிய முதல் கேள்வி வட்டி எவ்வளவு எண்டதில்லை, அந்த பில் மத்திய வங்கியின்ர லங்காசெக்யூர் பதிவில உங்கட பேருக்கு ஏறியிருக்கோ எண்டதுதான். பேருக்கு ஏறாட்டி உங்கட்ட இருக்கிறது வெறும் கைமாத்துத்தான்.

அடுத்த குழப்பம் பேரில. இந்திய டிவியைப் பாத்துட்டு "ரெப்போ ரேட் குறைஞ்சிட்டுதாம்" எண்டு கதைக்கிறவை இஞ்சை கனபேர். இந்தியாவில ரிசர்வ் வங்கி பாங்க்குகளுக்குக் காசு குடுத்தா அது ரெப்போ. எங்கட மத்திய வங்கி காசு குடுத்தா அது ரிவர்ஸ் ரெப்போ, காசை உறிஞ்சினாத்தான் ரெப்போ. அமெரிக்காவில பேந்தும் இந்தியா மாதிரி. பேரை விட்டுட்டு காசு எந்தப் பக்கம் போகுது, பத்திரம் எந்தப் பக்கம் போகுது எண்டு மட்டும் பாருங்கோ, இல்லாட்டி செய்தியைத் தலைகீழா விளங்கிக்கொள்ளுவியள்.

இனித்தான் பெரிய பிழை, படிச்ச ஆக்களே விடுறது. ஒரு நாள் கடன்தானே, இதில என்ன ஆபத்து எண்டு நினைக்கிறது. ஒரு டீலரை யோசிச்சுப் பாருங்கோ, எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போடுறது. அவர் 9 வீத வட்டி தாற 100 கோடி ரூபா அஞ்சு வருஷ பொண்ட் ஒண்டு வாங்குறார். கையில இருக்கிறது 5 கோடிதான். மிச்சம் 95 கோடியை அதே பொண்டை வைச்சு ஓவர்நைட் ரெப்போவில 7.5 வீதத்துக்கு எடுக்கிறார் (100 பெறுமதிக்கு 95தான் தருவினம், அந்தக் கழிவைத்தான் ஹெயார்கட் எண்டுறது). பொண்ட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 46 ஆயிரம் தருது, ரெப்போ வட்டி 1 லட்சத்து 95 ஆயிரம் போகுது, நாளுக்கு 51 ஆயிரம் லாபம், ஒவ்வொரு நாள் காலமையும் பழைய கடனைக் கட்டிப்போட்டு புதுசா எடுக்கிறார், எல்லாம் நல்லாத்தான் போகுது.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரேயடியா 7 வீதம் ஏத்தினது ஞாபகம் இருக்கும், பாங்க்குகளுக்கு ராக்கடன் குடுக்கிற வீதம் 7.5 இல இருந்து 14.5 ஆச்சு. எங்கட டீலருக்கு அதே வீதம் வந்தா நாள் வட்டி 3 லட்சத்து 77 ஆயிரம். பொண்ட் தாறது அதே 2 லட்சத்து 46 ஆயிரம்தான், அப்ப நாளுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் மட்டில நட்டம். அதைக்கூடத் தாங்கலாம். ஆனா வட்டி ஏறினா பழைய பொண்டின்ர விலை விழும், அது 85 கோடிக்கு விழுந்துட்டுது எண்டு வைப்பம். இப்ப ஹெயார்கட் கழிச்சு அதை வைச்சு 80.75 கோடிதான் எடுக்கலாம், நேத்துப் பட்ட கடனோ 95. விடிஞ்சா 14.25 கோடி கையில வேணும், அவரின்ர சொந்தக் காசு 5 கோடிதான், அதுவும் பொண்டுக்குள்ள கிடக்கு. வேற வழியில்லாம பொண்டை விக்கப் போனா விலை இன்னும் விழும், அதே பொண்டை வைச்சுக் கடன் எடுத்த மற்ற டீலருக்கும் அதே அடி. கடன் ஒரு நாள், ஆனா வாங்கினது அஞ்சு வருஷம், பிழை அங்கதான்.

கடைசியா ஒண்டு, நாட்டில மொத்தக் காசு போதும் எண்டா எல்லாருக்கும் கிடைக்கும் எண்டு நினைக்கிறது. 2019 செப்டெம்பர்ல நியூயோர்க்கில நடந்ததைப் பாருங்கோ. 16ஆம் திகதி கொம்பனியள் வரி கட்டுற நாள், அதே நாளில டீலர்மார் ஏலத்தில எடுத்த அரச பொண்டுகளுக்கும் காசு கட்ட வேண்டியிருந்தது, ரெண்டுமா பாங்க்குகளின்ர காசு அரசாங்கத்தின்ர கணக்குக்குப் போட்டுது. அமெரிக்க மத்திய வங்கியான பெட் ஓவர்நைட் வட்டிக்கு வைச்சிருந்த இலக்கு 2 முதல் 2.25 வீதம், 17ஆம் திகதி ஓவர்நைட் ரெப்போவின்ர அளவுகோலான சோஃபர் 5.25க்குப் பாய்ஞ்சுது. பாங்க்குகளின்ர கையில அப்பவும் ஏறக்குறைய 1.4 ட்ரில்லியன் டொலர் ரிசர்வ் கிடந்தது, ஆனா அது கொஞ்சப் பெரிய பாங்க்குகளிட்ட, அவையள் தங்கட கட்டுப்பாடுகளுக்கு இவ்வளவு வேணும் எண்டு விட மாட்டினமாம். அண்டைக்கே பெட் 75 பில்லியன் வரைக்கும் தாறன் எண்டு இறங்க வேண்டி வந்துது.

எங்கட நாட்டிலயும் இதே கதை, கொஞ்சம் மெதுவா நடந்தது. நெருக்கடி நேரம் காசு மிஞ்சின பாங்க்குகள் மற்றவைக்குக் குடுக்கப் பயந்து மத்திய வங்கியிலயே ராவில கொண்டுபோய்ப் போட்டினம், காசு இல்லாதவை அதே மத்திய வங்கியிட்டக் கடன் வாங்கினவை, நடுவில சந்தை செத்துக் கிடந்துது. அதாலதான் 2023 ஜனவரி 16 முதல் ஒரு பாங்க் மாசத்துக்கு அஞ்சு தரத்துக்கு மேல அங்க காசு போடேலாது எண்டு வைச்சவை, கடன் வாங்கிறதுக்கும் எல்லை போட்டவை. போட இடமில்லாட்டி ஆளுக்கு ஆள் குடுத்துத்தானே ஆகவேணும்.

ஆனபடியா மத்திய வங்கி வெளியிடுற நாள் கணக்கில மிகுதி எவ்வளவு எண்டு நிகரத் தொகையை மட்டும் பாத்துட்டு மூடி வைச்சிடாதேங்கோ. அண்டைக்கே போட்ட காசு எவ்வளவு, எடுத்த கடன் எவ்வளவு எண்டு ரெண்டையும் தனித்தனியப் பாருங்கோ. ரெண்டும் ஒரே ராவில பெரிசா இருந்தா ஒருத்தரை ஒருத்தர் நம்பேல்லை எண்டு அர்த்தம்.