ஓசோன் சிதைவா, பசுமை இல்ல வெப்பமா? ஸ்லைடில் அம்பைப் பார்த்துப் பிரித்தறிவது எப்படி

சுற்றுச்சூழல் அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஆண்டுதோறும் ஒரே வாக்கியம் கண்ணில் படுகிறது: “ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, அதன் வழியாகச் சூரிய வெப்பம் உள்ளே புகுவதால் பூமி சூடாகிறது.” எழுதியவர் படிக்காதவர் அல்லர். ஓசோன் சிதைவையும் புவி வெப்பமயமாதலையும் அடுத்தடுத்த ஸ்லைடுகளில் பார்த்திருக்கிறார். இரண்டிலும் சூரியன் இருந்தது, பூமியைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது, மஞ்சள் அம்புகள் இருந்தன. மனம் இரண்டு படங்களையும் ஒன்றாகத் தைத்துவிட்டது. தையலை எங்கே பிரிப்பது என்பதுதான் இந்தப் பாடம். உங்கள் கையில் இருக்கும் ஸ்லைடு தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: அம்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

தலைப்பைப் படிக்கும் முன் அம்பைப் பாருங்கள். முக்கியமான அம்பு சூரியனிலிருந்து கிளம்பி, மேலே ஒரு படலத்தில் தடுக்கப்படுகிறதா? அது ஓசோன் ஸ்லைடு. தரையிலிருந்து கிளம்பி மேலே போகும் அம்பு பாதி வழியில் உறிஞ்சப்பட்டு, அதன் ஒரு பகுதி கீழே திரும்புகிறதா? அது பசுமை இல்ல ஸ்லைடு.

இரண்டு அம்புகளும் இரண்டு வேறு கதிர்கள். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. உயிர்களுக்குக் கேடு செய்வதில் பெரிதும் பேசப்படும் புற ஊதா-பி கதிரின் அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர். பசுமை இல்ல வாயுக்கள் பிடிப்பது சூடான தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை. கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சும் இடம் 15 மைக்ரோமீட்டர், அதாவது 15,000 நானோமீட்டர். முதல் கதிரைப் போல ஏறத்தாழ 50 மடங்கு நீளமான அலை. கார்பன் டை ஆக்சைடு புற ஊதா-பி கதிரைக் கண்டுகொள்வதே இல்லை.

மாணவர் தடுமாறும் இடம் ‘வெப்பம்’ என்ற சொல். ஓசோன் குறைந்தால் கூடுதலாகத் தரைக்கு வருவது வெப்பம் அன்று, புற ஊதாக் கதிர். சூரியன் அனுப்பும் மொத்த ஆற்றலில் புற ஊதா-பியின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. தோலிலுள்ள மரபணுவைச் சிதைக்கவும் கண்ணில் புரை வளர்க்கவும் அது போதும்; கோளைச் சூடாக்க அது போதாது. ஆகவே ஓசோன் ஸ்லைடில் சிவப்பு அம்பின் மேல் ‘வெப்பம்’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு ‘புற ஊதாக் கதிர்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு திருத்தமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

படி 2: உயரத்தைக் குறியுங்கள்

நல்ல ஓசோன் ஸ்லைடில் கிலோமீட்டர் அளவு இருக்கும். ஓசோனின் பெரும்பகுதி தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் வரையுள்ள அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. பசுமை இல்ல விளைவின் பெரும்பகுதி அதற்குக் கீழே, மேகமும் மழையும் நடக்கும் அடிவளி மண்டலத்தில் நிகழ்கிறது. உயரம் குறிக்காத ஸ்லைடில் நீங்களே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு அருகே ஓசோனைக் காட்டும் ஸ்லைடு மூன்றாவது வகை. அது வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் மாசு. நுரையீரலைத் தாக்கும், பசுமை இல்ல வாயுவாகவும் செயல்படும். ஓசோன் ஓட்டையோடு அதைச் சேர்க்காதீர்கள்.

படி 3: எது குறைகிறது, எது கூடுகிறது?

ஓசோன் சிதைவு ஒரு வாயு அழிகிற கதை. வெப்பமயமாதல் வாயுக்கள் சேர்கிற கதை. ஸ்லைடில் உள்ள வரைபடத்தின் நிலைக்குத்து அச்சைப் பாருங்கள். ‘டாப்சன் அலகு’ என்று இருந்தால் ஓசோன். ‘பி.பி.எம்.’, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று இருந்து, கோடு 280-இலிருந்து 420-ஐத் தாண்டி ஏறினால் அது தொழிற்புரட்சிக்கு முன்பிருந்து இன்றுவரையிலான கார்பன் டை ஆக்சைடு.

டாப்சன் அலகைக் கையால் உணரலாம். உங்கள் தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரை மட்டத்துக்கு இறக்கி, கடல்மட்ட அழுத்தத்திலும் 0 டிகிரி செல்சியஸிலும் அமுக்கி வைத்தால் அது எத்தனை தடிப்பு இருக்கும்? 100 டாப்சன் அலகு என்றால் 1 மில்லிமீட்டர். உலகச் சராசரி சுமார் 300. ஆக, நம்மைக் காக்கும் படலம் 3 மில்லிமீட்டர். அன்டார்க்டிகாவின் மேல் இந்த அளவு 220-க்குக் கீழே இறங்கும் பகுதியைத்தான் ‘ஓட்டை’ என்கிறார்கள். அங்கே துளை எதுவும் இல்லை, படலம் மெலிந்திருக்கிறது. ‘ஓட்டை’ என்ற சொல்லே கூரை ஓட்டை வழியாக வெயில் விழுவதை நினைவூட்டுவதால், நான் வகுப்பில் ‘மெலிவு’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

படி 4: நாள்காட்டியை வைத்துச் சோதியுங்கள்

“ஓட்டை வழியாக வெப்பம் வருகிறது” என்பது உண்மையானால் என்ன நடக்க வேண்டும்? ஓட்டைக்கு நேர் கீழே, ஓட்டை இருக்கும் மாதங்களில், பகலில் சூடு அதிகம் ஏற வேண்டும்.

நடப்பது வேறு. ஓட்டை அன்டார்க்டிகாவின் மேல் ஆகஸ்டில் உருவாகத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் பெரிதாகி, ஆண்டு இறுதிக்குள் மூடிக்கொள்கிறது. அந்த வசந்த காலத்தில் அங்கே சூரியன் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகவே இருக்கும். ஆனால் மிக விரைவாகச் சூடாகி வருவது எதிர்ப்பக்கத்து ஆர்க்டிக். மேலும், கடந்த நூற்றாண்டில் நிலப்பரப்பில் பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடாகியிருக்கின்றன. இரவில் சூரியனே இல்லை. எந்த ஓட்டை வழியாக எது வரும்? தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர் இரவிலும் போய்க்கொண்டிருக்கிறது; அதைப் பிடிக்கும் வாயுக்கள் இரவிலும் வேலை செய்கின்றன.

படி 5: சி.எஃப்.சி. ஸ்லைடை இரண்டாக வெட்டுங்கள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாதிரி ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: ‘குளோரோஃபுளோரோகார்பன்கள் புவியைச் சூடாக்குகின்றன.’ கீழே ஓட்டை விழுந்த ஓசோன் படலம், அதன் வழியே இறங்கும் சிவப்பு அம்புகள். தலைப்பு சரி, படமும் ஓட்டை வரை சரி. இரண்டையும் சேர்த்ததுதான் தவறு.

பழைய குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த சி.எஃப்.சி.-12-ஐப் பின்தொடர்வோம். இதன் வாய்பாடு CCl2F2. கசிந்து காற்றில் கலந்த மூலக்கூறு மழையில் கரையாது, எளிதில் எதனோடும் வினைபுரியாது. சராசரியாகச் சுமார் 100 ஆண்டு நீடிக்கும். இந்தக் காலம் முழுவதும் அது முழு மூலக்கூறாகவே இருந்து, தரையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ சி.எஃப்.சி.-12 ஏறத்தாழ 10,000 மடங்கு வெப்பமூட்டுகிறது. இந்தப் பகுதியில் ஓசோனுக்கு வேலையே இல்லை.

காற்றோட்டம் மூலக்கூறை மெல்ல அடுக்கு மண்டலத்துக்கு ஏற்றுகிறது. அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரின் அணுவை விடுவிக்கிறது. அந்தக் குளோரின்தான் ஓசோனை அழிக்கிறது:

```
Cl  + O3 → ClO + O2
ClO + O  → Cl  + O2
```

இரண்டாம் வரியின் முடிவில் குளோரின் மீண்டும் தனியாக நிற்பதைக் கவனியுங்கள். அது தீர்ந்துபோவதில்லை, அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தது இதைத்தான். துருவத்தில் இதன் வேகம் கூடுவதற்குக் காரணம், மைனஸ் 78 டிகிரி அளவுக் குளிரில் அடுக்கு மண்டலத்தில் உருவாகும் மேகங்கள். செயலற்றுக் கிடந்த குளோரின் சேர்மங்கள் அவற்றின் பரப்பில் வினைபுரிந்து மாறுகின்றன; வசந்த வெயில் பட்டதும் அவை வேலை செய்யக்கூடிய குளோரினை விடுவிக்கின்றன.

எனவே மனத்தில் வைக்க வேண்டியது இது: மூலக்கூறு முழுதாக இருக்கும்போது சூடாக்குகிறது, உடைந்த பிறகு ஓசோனை அழிக்கிறது. ஸ்லைடை இரண்டாக்கி, முதலாவதில் தரையிலிருந்து எழும் அம்பையும் CCl2F2 முழு மூலக்கூறையும் வரையுங்கள். இரண்டாவதில் சூரியனிலிருந்து வரும் அம்பையும் Cl அணுவையும் வரையுங்கள்.

சரிபார்க்க எச்.எஃப்.சி.-134a உதவும். சி.எஃப்.சி.-க்கு மாற்றாக வந்த இந்த வாயுவில் குளோரின் இல்லை. அதனால் ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டுகிறது. ஓசோனைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் நெறிமுறை, 2016-இல் கிகாலியில் திருத்தப்பட்டு எச்.எஃப்.சி.-களையும் குறைக்கச் சொன்னது இதனால்தான். அந்தத் திருத்தத்தைக் காட்டும் ஸ்லைடு, ஓசோன் உடன்படிக்கையின் கீழ் வந்தாலும், பசுமை இல்லப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஸ்லைடு.

படி 6: உண்மையாகவே தொடும் இடத்தை மறைக்காதீர்கள்

இரண்டும் முற்றிலும் தொடர்பற்றவை என்று சொல்லிக்கொடுப்பதும் பிழை. ஓசோனும் ஒரு பசுமை இல்ல வாயு. அடுக்கு மண்டலத்தில் அது குறையும்போது கூடுதல் புற ஊதாக் கதிர் கீழே வந்தாலும், மேலிருந்து கீழே திரும்பும் அகச்சிவப்பு குறைகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் கிடைப்பது புவிக்கு மிகச் சிறிய குளிர்ச்சி: சதுர மீட்டருக்கு 0.1 வாட்டுக்கும் குறைவு. தொழிற்புரட்சிக்குப் பின் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு தரும் வெப்பமூட்டல் சுமார் 2 வாட். விடைத்தாள் வாக்கியம் அளவில் மட்டும் பிழையன்று, திசையிலேயே பிழை.

இப்போது ஒரு பயிற்சி ஸ்லைடு. கிடை அச்சில் 1980 முதல் ஆண்டுகள், நிலைக்குத்து அச்சில் அடுக்கு மண்டலத்தின் வெப்பநிலை, கோடு இறங்கியிருக்கிறது. எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சித்தான் அந்த மண்டலத்தைச் சூடாக வைத்திருந்தது. அது குறைந்ததால் குளிர்ந்தது. கார்பன் டை ஆக்சைடோ அந்த உயரத்தில் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது. அது கூடியதாலும் குளிர்ந்தது. இந்த ஸ்லைடின் கீழே இரண்டு காரணங்களையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்: ஒன்றின் முன் சூரியனிலிருந்து வரும் அம்பு, மற்றதன் முன் விண்வெளிக்குப் போகும் அம்பு.