உயரத்தில் 80 சதவீதம் பரம்பரையா? இரட்டையர் கணக்கைத் தப்பாகப் படிக்காமல் இருக்க

பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரட்டைப் பையன்கள். காவலர் தேர்வுக்கு உயரம் அளந்தபோது அண்ணன் 170 செ.மீ.யைத் தொட்டுவிட்டான், தம்பிக்கு ஒரு செ.மீ. போதவில்லை. "ஒரே வயிறு, ஒரே களி, அப்புறம் எப்படிய்யா?" என்று அவங்கப்பா கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "உயரத்துல 80 சதவீதம் பரம்பரை, மிச்சம் 20 சாப்பாடுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். அந்த எண் தப்பில்லை. அதை அவர் புரிந்துகொண்ட விதம்தான் தப்பு.

170 செ.மீ.யில் 136 செ.மீ. பெற்றோர் தந்தது, 34 செ.மீ. சோறு தந்தது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. 80 சதவீதம் என்பது ஒருவருடைய உயரத்தைப் பற்றியதே அல்ல. ஒரு கூட்டத்தில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்று இருக்கிற வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதே அது. தனி ஆளுக்கு அந்த எண்ணைப் பொருத்துவதுதான் முதல் தவறு.

அந்த எண் வரும் வழி எளிது. ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு அநேகமாக முழுக்க ஒன்று. இரண்டு கருமுட்டையில் பிறந்தவர்கள், கூடப்பிறந்த மற்றவர்களைப் போல, வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இரு வகையிலும் வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. வளர்ந்தபின் ஜோடிகளின் உயரம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று, முழுக்க ஒத்துப்போனால் 1, கொஞ்சமும் ஒத்துப்போகாவிட்டால் 0 என்ற கணக்கில் பார்த்தால், ஒருகரு இரட்டையரிடம் 0.90, இருகரு இரட்டையரிடம் 0.50 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.40. பாதி மரபணு செய்த வேலை அது என்பதால் இரட்டிப்பாக்கினால் 0.80. மீதியில் 0.10 பொதுவான வீட்டுச் சூழலுக்கு, 0.10 ஒவ்வொருவருக்கும் தனியாக நேர்ந்ததற்கு.

இங்கேதான் அடுத்த தவறு நுழையும். யார் ஒருகரு, யார் இருகரு என்பதை எப்படித் தீர்மானிப்பது? நம் பக்கத்தில், "ரெண்டு நஞ்சுக்கொடி விழுந்துச்சு, அதனால வேற வேற" என்பார்கள். சில ஆஸ்பத்திரிகளிலும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் ஒருகரு இரட்டையரிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நஞ்சுக்கொடி தனித்தனியாக இருக்கும். கரு முதல் மூன்று நாளுக்குள் பிரிந்துவிட்டால் அப்படித்தான். இந்தக் கலப்பு கணக்கை எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். இருகரு என்று எழுதிய பத்து ஜோடியில் இரண்டு ஜோடி உண்மையில் ஒருகரு என்றால், 0.50 ஆக இருக்க வேண்டியது 0.58 ஆகிவிடும். இடைவெளி 0.32, இரட்டித்தால் 0.64. உயரம் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, 80 மட்டும் 64 ஆகிவிட்டது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் குறைந்தது ஒரு பகுதி ஜோடிகளுக்காவது டி.என்.ஏ. பார்த்து உறுதிசெய்வார்கள்.

மிச்சம் இருக்கிற அந்தத் தனி 0.10 முழுவதையும் சாப்பாடு, நோய் என்று எழுதிவிடுவதும் தவறுதான். அளவுப் பிழையும் அதற்குள்தான் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் இருக்கிற உயரம் சாயங்காலத்துக்குள் ஒரு செ.மீ. அளவுக்கு, சிலருக்கு அதற்கு மேலும் குறைந்துவிடும். முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் வருவது இது. கூட்டத்தின் திட்ட விலகல், அதாவது உயரங்கள் சராசரியிலிருந்து சிதறிக் கிடக்கும் அளவு, 6.5 செ.மீ. என்று வைத்தால், 0.90 ஒத்துப்போனாலும் ஒருகரு இரட்டையருக்குள் சராசரியாக 2 செ.மீ.க்குச் சற்று மேல் வித்தியாசம் எதிர்பார்க்கலாம். பாலக்கோட்டுப் பையன்களின் வித்தியாசம் அதற்கும் குறைவு.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, "80 சதவீதம் பரம்பரைன்னா முட்டையும் பாலும் கொடுத்து என்ன ஆகப்போகுது?" என்பது. 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு வருடத்தில் மரபணு அவ்வளவு மாறாது. அதேசமயம், 1886 முதல் 1994 வரை பிறந்த இரட்டையர்களின் உயரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2016இல் வெளியான ஆய்வில், பிறந்த காலத்தைப் பொறுத்து பரம்பரைப் பங்கு ஆண்களுக்கு 69 முதல் 84 சதவீதம், பெண்களுக்கு 53 முதல் 78 சதவீதம். காலப்போக்கில் அது ஒரே திசையில் ஏறவோ இறங்கவோ இல்லை. கூட்டம் மொத்தமாக உயரலாம், உள்ளே யார் நெட்டை யார் குட்டை என்பதில் மரபணுவின் பங்கு அப்படியே இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்வி.

இன்னொன்று, அந்த இரட்டையர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் ஓரளவு வயிறு நிறைந்த குடும்பத்தினர். பென்னாகரம் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டில் மூன்று வேளையும், அடுத்த வீட்டில் ஒரு வேளையும் சாப்பிடுகிற கூட்டத்தில் அளந்தால் சூழலின் பங்கு கூடும், பரம்பரைப் பங்கு குறையும். ஆகவே அங்கே எடுத்த 80-ஐ அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

இதையெல்லாம் சொன்னபோது அந்த அப்பா கேட்டது ஒன்றுதான்: தம்பியை அடுத்த தடவை காலையில் முதல் ஆளாக வரிசையில் நிறுத்தினால் அந்த ஒரு செ.மீ. கிடைக்குமா? பாதியாவது கிடைக்கலாம் என்றேன்.