வங்கி, காப்பீட்டுத் தேர்வுகள்: விண்ணப்பத்திலேயே கோட்டை விடும் இடங்கள்

'கிளார்க் தேர்வுக்கு வயது வரம்பு 28' என்று கோச்சிங் சென்டர் போஸ்டரில் இருக்கும். அதை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2025ஆம் ஆண்டு அறிவிப்புகளையே எடுத்துக்கொள்வோம்.

1997 ஜூன் 20 அன்று பிறந்த, பொதுப்பிரிவைச் சேர்ந்த ஒரு பெண். எஸ்.பி.ஐ.யின் கிளார்க் பணியான ஜூனியர் அசோசியேட் தேர்வுக்கு அவர் தகுதியானவர். மற்ற பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்பான ஐ.பி.பி.எஸ். அதே ஆண்டு நடத்திய கிளார்க் தேர்வுக்கு அவர் தகுதியில்லை. இரண்டிலும் வரம்பு 20 முதல் 28 வயது வரைதான். ஆனால் எஸ்.பி.ஐ. வயதைக் கணக்கிட்ட நாள் ஏப்ரல் 1. அன்று அவருக்கு 27 முடிந்து 28 நடந்துகொண்டிருந்தது. ஐ.பி.பி.எஸ். கணக்கிட்ட நாள் ஆகஸ்ட் 1. அதற்குள் 28 முடிந்து ஆறு வாரம் ஓடிவிட்டது. அறிவிப்பில் 'இந்தத் தேதிக்கு முன் பிறந்திருக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். எஸ்.பி.ஐ.யில் அது 02.04.1997, ஐ.பி.பி.எஸ்.ஸில் 02.08.1997. பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். வயதை மனக்கணக்குப் போட வேண்டாம். அதிகாரிப் பணிக்கான பி.ஓ. தேர்வுகளிலும் இதே கதைதான்: மேல் வரம்பு இரண்டுக்கும் 30, எஸ்.பி.ஐ.க்கு ஏப்ரல் 1, ஐ.பி.பி.எஸ்.ஸுக்கு ஜூலை 1. கீழ் வரம்பு எஸ்.பி.ஐ. பி.ஓ.வுக்கு 21, ஐ.பி.பி.எஸ். பி.ஓ.வுக்கு 20.

பட்டப்படிப்பில் இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் விண்ணப்பிக்கலாமா? எஸ்.பி.ஐ. 'ஆம்' என்கிறது, ஒரு கெடுவோடு: 2025 பி.ஓ.வுக்கு செப்டம்பர் 30, கிளார்க்குக்கு டிசம்பர் 31. அதற்குள் தேர்ச்சிச் சான்று கையில் இருந்தால் போதும். ஐ.பி.பி.எஸ். அப்படி விடாது. ஆன்லைனில் பதியும் நாளிலேயே நீங்கள் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகஸ்ட் 10 அன்று ரிசல்ட் வந்த ஒருவர் ஆகஸ்ட் 5 அன்றே கிளார்க் விண்ணப்பத்தைப் போட்டிருந்தால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார். அதே ஆள் 12ஆம் தேதி பதிந்திருந்தால் பிரச்சினையே இல்லை. தேர்ச்சி நாள் என்பது மதிப்பெண் பட்டியலிலோ புரொவிஷனல் சான்றிதழிலோ அச்சாகியிருக்கும் நாள். தேர்வு எழுதி முடித்த நாள் அல்ல. முதல் நாளே விண்ணப்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் இங்கே கெடுதல்தான் செய்யும்.

சாதிச் சான்றிதழ் விஷயம் தமிழ்நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் டி.என்.பி.எஸ்.சி.க்குச் செல்லும், மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. வங்கிகளும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்பது மத்தியப் பட்டியல்படியான ஓ.பி.சி. சான்றிதழ், அதில் வசதி படைத்தவர்களைக் குறிக்கும் கிரீமி லேயரில் வரவில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும், அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் எடுத்து லேமினேஷன் போட்டு வைத்தது உதவாது. முதலில் உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு படிவத்தில் டிக் அடியுங்கள். பதிவு முடிந்த பின் பிரிவை மாற்ற விடமாட்டார்கள். 'சான்றிதழ் இல்லையென்றால் பொதுப்பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள்' என்பது வெறும் நம்பிக்கை. மூன்று வருட வயதுத் தளர்வை வைத்து உள்ளே வந்தவருக்கு அதற்கு வாய்ப்பே இல்லை.

இனி கிளார்க்கா, ஆபீசரா என்ற கேள்வி. கிளார்க் தேர்வை 'சின்ன பி.ஓ.' என்று நினைத்து இரண்டுக்கும் ஒரே கையில் விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் டிகிரிதான் தகுதி, பாடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் வேலைக்கு எடுக்கும் முறையே வேறு.

கிளார்க் பணி மாநில வாரியானது. விண்ணப்பத்தில் ஒரே ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். காலியிடம், கட் ஆஃப் எல்லாம் அந்த மாநிலத்துக்குள் உள்ள போட்டியில்தான் முடிவாகும். நேர்முகம் கிடையாது, பிரிலிம்ஸ் மதிப்பெண் கணக்கில் சேராது, மெயின்ஸ் மதிப்பெண்தான் எல்லாம். இதனால் சிலர் காலியிடம் அதிகமுள்ள வேறு மாநிலத்தைப் போட்டுவிட்டு, பிறகு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். எஸ்.பி.ஐ. ஜூனியர் அசோசியேட்டுகளுக்கு மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் இல்லை என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த மாநில மொழியும் எழுதப் படிக்கப் பேசத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ அந்த மொழியைப் படித்ததற்குச் சான்று இல்லாதவர் மொழித் தேர்வு எழுத வேண்டும். தோற்றால் வேலை இல்லை. இது வெளிமாநிலம் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலேயே பிறந்து, சி.பி.எஸ்.இ.யில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த பிள்ளைக்கும் தமிழ்த் தேர்வு உண்டு. வீட்டில் பேசுகிற தமிழ் கைகொடுக்கும், எழுதிப் பழகாத கை தடுமாறும்.

பி.ஓ. பணி அகில இந்தியப் பணி. மாநிலத் தேர்வு இல்லை, இந்தியாவில் எங்கு போட்டாலும் போக வேண்டும், நேர்முகம் உண்டு. ஐ.பி.பி.எஸ். பி.ஓ.வில் மெயின்ஸுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். சம்பளத்தில், 2024 மார்ச் ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயிலும் ஆபீசருடையது 48,480 ரூபாயிலும் தொடங்குகிறது. இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வயதான பெற்றோரை விட்டு வேறு மாநிலத்தில் சில வருடங்கள் இருக்க வீட்டு நிலைமை விடுமா? விடாது என்றால் கிளார்க்காகச் சேர்ந்து, உள்பதவி உயர்வில் ஆபீசராவது மோசமான வழி அல்ல.

காப்பீட்டுத் துறையில் பெயரே ஏமாற்றும். எல்.ஐ.சி.யில் ஏ.ஏ.ஓ. என்பது முதல் வகுப்பு அதிகாரிப் பதவி. ஏ.டி.ஓ. என்று வருவது அப்ரெண்டிஸ் டெவலப்மென்ட் ஆபீசர். பெயரில் 'ஆபீசர்' இருந்தாலும் அது இரண்டாம் வகுப்பு, முகவர்களைச் சேர்த்து வியாபாரம் கொண்டுவரும் களப்பணி. மேசை வேலை என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் திணறுவது இங்கேதான். அசிஸ்டென்ட் என்பது மூன்றாம் வகுப்பு, வங்கியின் கிளார்க்குக்கு இணை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் ஏ.ஓ. எனும் அதிகாரிப் பதவிக்கு வெறும் டிகிரி போதாது. பொதுப்பிரிவுக்கு 60 சதவீத மதிப்பெண் கேட்பது வழக்கம். அங்கே 59.9 என்பது 60 ஆகாது. கிரேடு முறையில் படித்தவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்று விதிப்படி சதவீதத்தைக் கணக்கிட்டு, அதற்கான கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுகளைப் பின்தொடர்வதிலும் ஒரு கோளாறு உண்டு. ஐ.பி.பி.எஸ். வருடத் தொடக்கத்தில் வெளியிடும் காலண்டரை மட்டும் சுவரில் ஒட்டிவைத்தால் பாதிதான் தெரியும். அதில் பொதுத்துறை வங்கிகளில் எஸ்.பி.ஐ. தவிர்த்த 11 வங்கிகளும் கிராம வங்கிகளும் மட்டுமே வரும். அதுவும் தேர்வுத் தேதிதான், விண்ணப்பத் தேதி அல்ல. ஸ்டேட் பாங்க், எல்.ஐ.சி., பொதுக் காப்பீடு எல்லாம் தனித்தனி. எல்.ஐ.சி. ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. அறிவித்தால் மூன்று வாரம் அளவில் விண்ணப்பம் முடிந்துவிடும். வாரம் ஒருமுறை ibps.in, licindia.in ஆகியவற்றையும் எஸ்.பி.ஐ.யின் கேரியர்ஸ் பக்கத்தையும் நேரில் திறந்து பார்ப்பது டெலிகிராம் குழுக்களை நம்புவதைவிட மேல். இன்னொன்று: 2025 முதல் ஐ.பி.பி.எஸ். கிளார்க் பதவிக்கு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர். 'கிளார்க்' என்ற சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அறிவிப்பு கண்ணில் படாமலே போகலாம்.