பில்லை முழுதாகக் கட்டியும் கிரெடிட் ஸ்கோர் ஏன் இறங்குகிறது?

கிரெடிட் கார்டு பில்லை ஒரு மாதம்கூடத் தவறாமல், ஒரு பைசா பாக்கி வைக்காமல் கட்டுகிறவர்களுக்கும் சில மாதங்களில் ஸ்கோர் இருபது முப்பது புள்ளி இறங்கி நிற்பதுண்டு. வங்கி ஏதோ தப்பு செய்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் தப்பு நடந்திருப்பதில்லை. கட்டிய தேதிதான் காரணம்.

ஸ்கோர் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஃபைக்கோ நிறுவனம் தன் ஸ்கோருக்கான பங்கீட்டை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தவணைகளை நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவீதம், இப்போது எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாக வாங்கிய கடனுக்கு 10, கடன் வகைகளின் கலப்புக்கு 10. மற்ற ஸ்கோர்களில் விகிதம் மாறலாம், ஆனால் பொதுவாக முதல் இரண்டும்தான் கனமானவை. சம்பளமும் சேமிப்புக் கணக்கில் உள்ள பணமும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நேரத்துக்குக் கட்டுவது எல்லோருக்கும் புரிந்த விஷயம். சிக்கல் இரண்டாவதில்தான். கார்டின் லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதே அதில் முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. இந்தச் சதவீதம் எந்த நாளில் அளக்கப்படுகிறது என்று பெரும்பாலோர் யோசிப்பதில்லை.

ஒரு கார்டின் லிமிட் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்ட் போடும் நாள் மாதத்தின் 5ஆம் தேதி, பணம் கட்டக் கடைசி நாள் 25. ஒரு மாதம் செலவு 85,000 ஆகிவிட்டது. 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட் 85,000 என்று வருகிறது. 25ஆம் தேதி முழுத் தொகையையும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி இல்லை, அபராதம் இல்லை. ஆனால் எல்லோருடைய கடன் விவரங்களையும் திரட்டி வைக்கும் கிரெடிட் பீரோவுக்குப் பல வங்கிகள் அனுப்புவது ஸ்டேட்மென்ட் நாளன்று இருந்த பாக்கியைத்தான். பீரோவின் கண்ணில் நீங்கள் லிமிட்டில் 85 சதவீதத்தைத் தொட்டுவிட்ட ஆள். 25ஆம் தேதி பணம் கட்டிய செய்தி அடுத்த தகவலோடுதான் அங்கே போய்ச் சேரும், அதற்குள் புதிய செலவுகள் ஏறியிருக்கும்.

கட்டும் தேதியை முன்னே நகர்த்தினால் போதும். அதே 85,000 செலவில் 75,000ஐ 2ஆம் தேதியே கட்டிவிடுங்கள். 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் 10,000 மட்டும் நிற்கும். பயன்பாடு 10 சதவீதம். மீதி 10,000ஐ வழக்கம்போல 25க்குள் கட்டலாம். செலவு குறையவில்லை, கையை விட்டுப் போன பணமும் கூடவில்லை. இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கட்டச் சொல்வதற்குக் காரணம், பணம் கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் ஆகலாம் என்பதுதான். 4ஆம் தேதி இரவு கட்டிவிட்டு 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு.

30 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்று பரவலாகச் சொல்வார்கள். அது மதில் சுவர் அல்ல. 29இல் நல்லவர், 31இல் கெட்டவர் என்று கணக்கு மாறுவதில்லை. குறையக் குறைய நல்லது, ஒற்றை இலக்கம் மிக நல்லது. ஆனால் எல்லா மாதமும் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. பழைய ஸ்கோர் முறைகள் பலவும் கடைசியாக வந்த பாக்கியை மட்டுமே பார்க்கின்றன. அடுத்த தகவலில் 10 சதவீதம் என்று போனால் விழுந்த புள்ளிகள் பெரும்பாலும் திரும்பிவிடும். மாதாமாதப் போக்கைப் பார்க்கும் புதிய முறைகளும் வந்திருக்கின்றன என்பதால், எப்போதுமே லிமிட்டை ஒட்டியே செலவு செய்வது நல்லதல்ல. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஸ்டேட்மென்ட்களிலாவது இதைச் செய்துவிடுங்கள்.

இதே சதவீதக் கணக்கைப் புரிந்துகொள்ளாததால் வரும் இன்னொரு தவறு, பயன்படுத்தாத கார்டை மூடுவது. மேலே சொன்னவரிடம் அதே 1,00,000 லிமிட்டில் தொடாத இரண்டாவது கார்டு ஒன்றும் இருக்கிறது என்போம். 85,000 பாக்கி நின்ற மாதத்தில் மொத்த லிமிட் 2,00,000. ஆக மொத்தப் பயன்பாடு 42.5 சதவீதம். ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று அதை மூடிவிட்டால் செலவு கூடாமலேயே 85 சதவீதம் ஆகிவிடும். தனிக் கார்டின் சதவீதமும் பார்க்கப்படும் என்பதால் இரண்டாவது கார்டு முழுக் கவசம் இல்லை, ஆனாலும் நல்ல துணை. ஆண்டுக் கட்டணம் உறுத்துகிறது என்றால், கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கேட்டுப் பார்க்கலாம். பெரிய கடன் வாங்கவிருக்கும் நேரத்தில் மட்டும் மூடாதீர்கள்.

தொடாத கார்டில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆண்டுக் கட்டணமோ, மறந்துபோன சந்தாவோ அதில் ஏறி, யாரும் பார்க்காமல் கிடக்கும். தாமதம் நாள் கணக்கில் பதிவாகிறது, தொகைக் கணக்கில் அல்ல. 200 பாக்கியும் 30 நாள் தாண்டினால் தாமதம்தான், அந்தப் பதிவு பீரோவின் கிரெடிட் ரிப்போர்ட்டில் வருடக்கணக்கில் இருக்கும். அந்தக் கார்டின் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டப்படும்படி ஏற்பாடு செய்துவைப்பதே வழி.

‘கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. இது சுத்தப் பொய். நீங்கள் வட்டி கட்டினீர்களா என்பது ஸ்கோரில் சேர்வதே இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, உண்மைதான். ஆனால் மீதிப் பாக்கி அடுத்த மாதத்துக்குப் போய்ப் பயன்பாட்டை உயர்த்திப் பிடிக்கும், வட்டி அதன் மேல் ஏறும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் பொதுவாக வட்டியில்லாக் கால அவகாசம் கிடைக்காது.

சொந்த ஸ்கோரை நீங்களே பார்ப்பதால் அது குறையாது. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பித்து வங்கி பார்க்கும்போதுதான் சில புள்ளிகள் போகும். அதனால் ரிப்போர்ட்டைத் தயங்காமல் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் ஸ்கோர் எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு கார்டின் கீழும் மூன்று இடங்களைப் பாருங்கள்: பாக்கி, லிமிட், தகவல் வந்த தேதி. அந்தத் தேதியும் உங்கள் ஸ்டேட்மென்ட் நாளும் ஒட்டி வந்தால் மேலே சொன்ன கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். விலகியிருந்தால் அந்தத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கட்டுங்கள்.

லிமிட் கட்டம் காலியாக இருந்தால் விடாதீர்கள். சில கணக்கீடுகளில் அப்போது இதுவரை இருந்த உச்சப் பாக்கியையே லிமிட்டாக எடுத்துக்கொள்வார்கள். 1,00,000 லிமிட் உள்ளவரின் உச்சப் பாக்கி 20,000, இப்போதைய பாக்கி 18,000 என்றால், 18 சதவீதமாக இருக்க வேண்டியது 90 சதவீதமாகத் தெரியும். வங்கிக்கும் பீரோவுக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். லிமிட் அச்சாகியிருக்கும் ஸ்டேட்மென்ட் ஒன்றை இணைத்தால் போதும்.